ஆஃபரை ஏற்கும் மெயில்: கேள்வி தனி, சம்மதம் தனி

கோவையில் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரகடத்தில் உள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்து, ஜூன் 5-ஆம் தேதி ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. மூன்று நாளுக்குள் மெயிலில் சம்மதம் சொல்ல வேண்டும். கடிதத்தில் சேரும் தேதி ஜூலை 15 என்று இருக்கிறது. அவருக்கு இப்போதைய வேலையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள். மாதம் 80,000 ரூபாய் என்று போனில் சொன்னார்களாம். கடிதத்தில் ஆண்டுக்கு 9,60,000 என்ற ஒரே தொகைதான் இருக்கிறது. "ஏற்கிறேன், ஆனால் சேரும் தேதியையும் சம்பளத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்று எழுதிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அப்படி எழுத வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. "ஏற்கிறேன், ஆனால்" என்று தொடங்கும் பதில் ஏற்பாகாது. அது நீங்கள் திருப்பி வைக்கும் புதிய கோரிக்கை. அதற்கு அவர்கள் சரி என்றும் சொல்லலாம், பேசாமலும் இருந்துவிடலாம். பேசாமல் இருந்துவிட்டால் உங்கள் கையில் வேலை இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. அந்த நிலையில் இங்கே ராஜினாமா கொடுப்பது ஆபத்து. எச்.ஆர். பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே சிக்கல்தான். "ஏற்கிறேன்" என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்கள் உங்கள் பெயரை முடிந்த பட்டியலில் போட்டுவிடுவார்கள். கீழே இருக்கும் இரண்டு கேள்விகளை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே இரண்டு மெயில்கள். முதலாவதில் கேள்விகள் மட்டும், இரண்டாவதில் சம்மதம் மட்டும். மூன்று நாள் கெடு இருப்பதால் முதல் மெயில் கடிதம் வந்த மறுநாளே போக வேண்டும். கெடுவுக்குள் பதில் வராது என்று தோன்றினால், கெடுவை இரண்டு நாள் நீட்டித் தரும்படி அதே மெயிலில் கேளுங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பல வாரம் செலவழித்த நிறுவனம் இரண்டு நாளுக்காக அவரை விடுவது அபூர்வம்.

முதலில் சம்பளம். கடிதத்தோடு சம்பளப் பிரிப்பு இணைப்பாக வரவில்லை என்றால் அதைக் கேட்டு வாங்காமல் வேறு எதையும் பேசாதீர்கள். 9,60,000-ஐ 12-ஆல் வகுத்தால் 80,000 வருகிறது. போனில் பேசியவர் சொன்னது இந்த வகுத்தலைத்தான். ஆனால் சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அது முழுவதும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. வாசகியின் தொகைக்கு வழக்கமான ஒரு பிரிப்பைப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 40,000. வேரியபிள் பத்து சதவீதம், ஆண்டுக்கு 96,000. பி.எஃப்.-இல் நிறுவனத்தின் பங்கை 15,000 ரூபாய் வரம்பின் மீது கணக்கிட்டால் மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 23,088. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த நான்கையும் கழித்தால் மீதம் 8,07,312. மாதத்துக்கு 67,276. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் கையில் சுமார் 65,500. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில்வரியும் வருமான வரி ஏதும் இருந்தால் அதுவும் தனி.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாடு முழுவதும் சி.டி.சி.-யை இப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் 80,000 வரும் என்று நம்பி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் முதல் மாதமே இடிக்கும். பணிக்கொடையைக் கவனியுங்கள்: நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு அது பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் கிடைக்கும். மூன்றாவது ஆண்டில் வேலை மாறினால் அந்த 23,088 ஒவ்வொரு ஆண்டும் காகிதத்தில் மட்டும் இருந்த தொகை. வேரியபிள் இன்னும் முக்கியம். நேர்முகத்தில் "முதல் வருஷம் முழுசா கொடுத்துடுவோம்" என்று சொல்லியிருப்பார்கள். கடிதத்தில் "நிறுவன விதிகளின்படி" என்று மட்டும் இருக்கும். ஆண்டின் நடுவில் சேருபவருக்கு மீதி மாதங்களுக்கான விகிதத்தில் கொடுப்பார்களா, தர மதிப்பீட்டைப் பொறுத்துக் குறையுமா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. போனில் சொன்னவர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம். அவர் சொன்னது எழுத்தில் வந்தால்தான் அடுத்து வருபவருக்குத் தெரியும்.

அடுத்தது தேதி. இங்கேதான் பலர் தங்கள் கையில் இல்லாத ஒன்றை வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வாசகி ஜூன் 10-இல் ராஜினாமா கொடுத்தால், மறுநாளிலிருந்து எண்ணி 60-ஆவது நாள் ஆகஸ்ட் 9. ராஜினாமா கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணும் நிறுவனத்தில் ஆகஸ்ட் 8. நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுத்தால் அந்த நாட்களைக் கடைசியில் கூட்டும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. உங்கள் பழைய நியமனக் கடிதத்தில் அது இருக்கும், எடுத்துப் படியுங்கள். ஜூலை 15 என்பது நடக்க வேண்டுமானால் பழைய நிறுவனம் முன்கூட்டியே விடுவிக்கச் சம்மதிக்க வேண்டும், அல்லது மீதி நாட்களுக்கான சம்பளத்தை யாராவது கட்ட வேண்டும். புதிய நிறுவனம் கட்டுமா, கட்டினால் எந்தத் தொகை வரை, உங்களிடமிருந்து ரசீது வாங்கித் திருப்பித் தருமா என்பதை முன்பே கேட்க வேண்டும். ஓராண்டுக்குள் வேலையை விட்டால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் விடாதீர்கள்.

தேதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய வேலையின் கடைசி நாளும் புதிய வேலையின் முதல் நாளும் ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது. பி.எஃப். கணக்கில் பழைய நிறுவனம் பதியும் வெளியேறிய தேதியும் புதிய நிறுவனம் பதியும் சேர்ந்த தேதியும் ஒரே யு.ஏ.என். எண்ணுக்குக் கீழ் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு நாள் மேற்கவிந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தீர்களா என்று விளக்கம் கேட்டு மெயில் வரும். ஆகவே கடைசி நாள் ஆகஸ்ட் 9 என்றால் 10-ஆம் தேதி சேருகிறேன் என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் இடம் விட்டு 17 என்று கேளுங்கள். ஊர் மாறுபவருக்கு அந்த வாரம் வீடு பார்க்கவும் தேவைப்படும்.

இந்த இரண்டு விஷயங்களோடு ரிலீவிங் லெட்டரையும் சேர்த்து முதல் மெயில் இப்படி அமையலாம். பெரும்பாலும் இவை ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் தருகிறேன். மொழியை உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

> மதிப்பிற்குரிய மேடம்,
>
> ஜூன் 5 தேதியிட்ட ஆஃபர் லெட்டர் கிடைத்தது. நன்றி. இந்தப் பணியில் சேர விருப்பமாக இருக்கிறேன். ஒப்புதல் அனுப்பும் முன் மூன்று விஷயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.
>
> ஒன்று: 9,60,000 ரூபாய்க்கான மாதவாரிப் பிரிப்பை அனுப்பிவையுங்கள். வேரியபிள் தொகை முதல் ஆண்டு முழுமையாக வழங்கப்படும் என்று நேர்முகத்தின்போது கூறப்பட்டது. ஆகஸ்டில் சேர்ந்தால் அது எப்படிக் கணக்கிடப்படும் என்பதைத் தெரிவிக்கவும்.
>
> இரண்டு: என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஜூன் 10-இல் ராஜினாமா கொடுத்தால் கடைசிப் பணி நாள் ஆகஸ்ட் 9. சேரும் தேதியை ஆகஸ்ட் 17 என்று மாற்றித் தர இயலுமா? ஜூலை 15 அவசியம் என்றால், மீதி நோட்டீஸ் நாட்களுக்கான தொகையை நிறுவனம் ஏற்குமா?
>
> மூன்று: ரிலீவிங் லெட்டர், கணக்கு முடிந்த பிறகே கிடைக்கும். சேரும் நாளில் ராஜினாமா ஏற்பு மெயிலைக் காட்டிவிட்டு, ரிலீவிங் லெட்டரைப் பின்னர் தர அனுமதி உண்டா?
>
> உங்கள் பதில் கிடைத்ததும் அன்றே ஒப்புதல் அனுப்புகிறேன்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எச்.ஆர். பயப்படுவது கேள்விகளுக்கு அல்ல, நீங்கள் இந்த ஆஃபரைக் காட்டி வேறு எங்கோ பேரம் பேசுகிறீர்களோ என்பதற்கு. அந்த ஒரு வரி அந்தச் சந்தேகத்தை எடுத்துவிடும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்கும் இந்த மெயில் இடமில்லை. அந்தப் பேச்சு ஆஃபர் லெட்டர் வருமுன் முடிந்திருக்க வேண்டும். இப்போது கேட்பது, பேசியது எழுத்தில் இருக்கிறதா என்பதை மட்டும்.

பதில் பெரும்பாலும் போனில் வரும். "அதெல்லாம் பிரச்சினை இல்லம்மா, 17-ஆம் தேதியே வாங்க, அக்செப்ட் பண்ணிடுங்க" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். போனை வைத்ததும் அதே மெயில் தொடரில் "சற்றுமுன் போனில் பேசியபடி" என்று தொடங்கி, அவர்கள் சொன்னதை நான்கு வரியில் எழுதி, "நான் புரிந்துகொண்டது சரிதானா என்று தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். சேரும் தேதி மாறியிருந்தால் திருத்திய ஆஃபர் லெட்டரே கேட்டு வாங்குவது நல்லது. பழைய தேதியோடு கையெழுத்துப் போட்ட கடிதம் கோப்பில் கிடந்தால், நீங்கள் ஜூலை 15-இல் வராதவர் ஆகிவிடுவீர்கள்; அப்படி வராவிட்டால் ஆஃபர் தானாகவே காலாவதியாகும் என்ற வாசகம் பல கடிதங்களில் உண்டு.

இப்போது சம்மத மெயில். ஆஃபர் வந்த அதே தொடரில் பதிலாகப் போக வேண்டும். புதிய மெயிலாகத் தொடங்கினால் பின்னால் தேடும்போது எது எதற்குப் பதில் என்று தெரியாது. உங்கள் சொந்த மெயில் முகவரியிலிருந்து போக வேண்டும், இப்போதைய அலுவலக முகவரியிலிருந்து ஒருபோதும் கூடாது. உங்களைத் தேர்ந்தெடுத்த துறை மேலாளர் தொடரில் இருந்தால் அவரையும் நகலில் வையுங்கள்.

> மதிப்பிற்குரிய மேடம்,
>
> ஜூன் 8 தேதியிட்ட திருத்திய ஆஃபர் லெட்டரில் உள்ளபடி, தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணியை ஏற்கிறேன். எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன்.
>
> நான் ஏற்றுக்கொண்ட விவரங்கள்: பணியிடம் ஒரகடம். ஆண்டு ஊதியம் 9,60,000 ரூபாய், பிரிப்பு இணைப்பு 1-இல் உள்ளபடி. வேரியபிள் பற்றி உங்கள் ஜூன் 8 மெயிலில் தெரிவித்தபடி. புரொபேஷன் ஆறு மாதம். சேரும் தேதி ஆகஸ்ட் 17.
>
> ஜூன் 10-இல் ராஜினாமா கொடுக்கிறேன். கடைசிப் பணி நாள் உறுதியானதும் அந்த மெயிலை உங்களுக்கு அனுப்புகிறேன்.
>
> பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பான், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை உங்கள் தளத்தில் பதிவேற்றிவிட்டேன். ராஜினாமா ஏற்பு மெயில் ஜூன் 20-க்குள், பணி அனுபவச் சான்றும் ரிலீவிங் லெட்டரும் செப்டம்பர் 30-க்குள் தருகிறேன்.
>
> நியமனக் கடிதம் சேரும் நாளில் வழங்கப்படும் என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

இதில் "ஆனால்" இல்லை, "இயலுமா" இல்லை. எல்லாம் நடந்து முடிந்தது போலவும் உறுதியானது போலவும் எழுதப்பட்டிருக்கிறது. மாறக்கூடிய ஒரே விஷயம் கடைசிப் பணி நாள்; அதையும் உறுதியானதும் அனுப்புகிறேன் என்று தனியாகப் பிரித்துவைத்திருக்கிறோம். பழைய நிறுவனம் இழுத்தடித்துத் தேதி நகர்ந்தால், அன்றே எழுதினால் போதும். சேரும் நாளுக்கு முந்தின வாரம் சொன்னால்தான் கெட்ட பெயர்.

ராஜினாமா இதற்குப் பிறகுதான். கையில் இருப்பது ஆஃபர் லெட்டரா, அல்லது ஆஃபர் தருவதாகச் சொல்லும் உத்தேசக் கடிதமா என்பதை அதற்கு முன் ஒருமுறை பாருங்கள். உத்தேசக் கடிதத்தில் "பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பின் ஆஃபர் வழங்கப்படும்" என்ற தொனி இருக்கும். அதை நம்பி வேலையை விடக்கூடாது. ஆஃபர் லெட்டரும் சரிபார்ப்புக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டதுதான். ஆனால் அதில் பதவியும் ஊதியமும் தேதியும் நிற்கின்றன. சரிபார்ப்பைச் சேருமுன் முடிப்பார்களா, சேர்ந்த பின்னா என்று கேட்பது தவறில்லை. சேருமுன் முடிக்கும் நிறுவனம் என்றால், அந்த முடிவு வந்தபின் ராஜினாமா கொடுக்கும்படி தேதியைத் தள்ளிக் கேட்கலாம்.

ஆவணங்களில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பட்டத்திலும் பெயரும் ஓரெழுத்து இனிஷியலும் இருக்கும். பான் அட்டைக்கு இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் அதில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து, சில சமயம் முன்னால் போய் நிற்கும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். திருமணத்துக்குப் பின் வங்கிக் கணக்கில் கணவர் பெயர் சேர்ந்திருந்தால் நான்காவது வடிவம். இது எல்லாம் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். புனேயிலோ குருகிராமிலோ உட்கார்ந்து சரிபார்ப்பவருக்குத் தெரியாது. அவர் "பெயர் பொருந்தவில்லை" என்று குறித்து அனுப்பிவிடுவார். பி.எஃப்.-இல் யு.ஏ.என். விவரம் ஆதாரோடு பொருந்தாவிட்டால் பணம் மாற்றுவதும் நிற்கும். ஆகவே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் சம்மத மெயிலிலேயே ஒரு வரி சேருங்கள்: "பான் அட்டையில் இனிஷியல் விரிவாக உள்ளது, சான்றிதழில் உள்ள பெயரும் அதுவும் என்னுடையவையே, தேவைப்பட்டால் உறுதிமொழிக் கடிதம் தருகிறேன்." முன்கூட்டிச் சொன்ன வேறுபாடு விளக்கம் ஆகிறது, அவர்கள் கண்டுபிடித்த வேறுபாடு விசாரணை ஆகிறது.

எந்த ஆவணம் எப்போது வரும் என்பதை நிறுவனத்துக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் அனுப்பும் பட்டியலில் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே கெடு இருக்கும். சான்றிதழும் சம்பளச் சீட்டும் உங்கள் கையில் உள்ளவை, அன்றே அனுப்பலாம். ராஜினாமா ஏற்பு மெயில் மேலாளர் கையில் இருக்கிறது. ரிலீவிங் லெட்டர் கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், ஐ.டி. என்று எல்லோரும் நிலுவை இல்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகே வரும். நடப்பு நிதியாண்டில் பழைய நிறுவனம் கொடுத்த சம்பளமும் பிடித்த வரியும் அடங்கிய விவரம், கடைசிச் சம்பளம் போட்ட பின்தான் முழுமையாகும். இந்த விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் கழிவுகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு வரியைக் குறைத்துப் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட நேரும்.

அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைக்க வேண்டாம். வாங்கி வைத்துக்கொள்வது விதி என்று சொன்னால், எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாளுக்கு என்று மெயிலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல இடங்களில் அந்த விதி தளர்ந்துவிடும். ஆதாரை மெயிலில் அனுப்ப நேர்ந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முழு எண் பி.எஃப். பதிவுக்குத் தேவை, அதை நிறுவனத்தின் தளத்தில் மட்டும் கொடுங்கள். ஆஃபர் வந்த முகவரி ஜிமெயில் போன்ற பொது முகவரியாக இருந்தாலோ, மடிக்கணினிக்கு முன்பணம், பயிற்சிக்குக் கட்டணம் என்று பணம் கேட்டாலோ ஒரு ஆவணமும் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நீங்களே எடுத்துக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சம்மத மெயிலுக்கு "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வர வேண்டும். இரண்டு வேலை நாளில் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள். வாசகியின் கணக்கில் ஜூன் 10 ராஜினாமா என்பது அந்தப் பதிலுக்குப் பிறகுதான், அது 12-ஆம் தேதி ஆனாலும் சரி. அப்படி நகர்ந்தால் கடைசி நாள் ஆகஸ்ட் 11 ஆகும், 17-ஆம் தேதிக்கு அப்போதும் இடம் இருக்கிறது. சேருவதற்குப் பத்து நாள் முன்பு, வர வேண்டிய நேரம், வாயில் எண், கொண்டுவர வேண்டிய அசல்கள் ஆகியவற்றைக் கேட்டு ஒரு சின்ன மெயில் போதும். சேர்ந்த பிறகு பி.எஃப். தளத்தில் உங்கள் பணி வரலாற்றைத் திறந்து, பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாமல் விட்டிருந்தால், அவர்கள் கட்டிய கடைசி மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே அந்தத் தளத்தில் பதியலாம். அப்போது ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே போடுங்கள்.